பைல் சோதனை அறிக்கையில் கழுத்தையும் விரிசலையும் பிரித்தறிவது எப்படி?

"20 மீட்டர் பைலின் அறிக்கையில் 7 மீட்டரில் குறை என்று எழுதியிருக்கிறார்கள். அது கழுத்தா, விரிசலா?"

பைல் என்பது கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் அமைக்கும் கான்கிரீட் தூண்; கழுத்து என்பது அது ஓரிடத்தில் குறுகிப்போவது. சுத்தியலால் பைல் தலையில் தட்டும்போது எழும் அழுத்த அலை கான்கிரீட்டில் நொடிக்குச் சுமார் 4000 மீட்டர் வேகத்தில் இறங்கி, அதே வேகத்தில் திரும்புகிறது. எனவே அடிமுனை எதிரொலி 10 மில்லிநொடியிலும், 7 மீட்டர் ஆழத்து எதிரொலி 3.5 மில்லிநொடியிலும் தலையிலுள்ள உணரியை வந்தடையும். குறுக்குவெட்டு சுருங்கினாலும் கான்கிரீட் பலவீனமானாலும் எதிரொலி, உணரி பதியும் வரைபடத்தில் முதல் அடியின் திசையிலேயே எழும். பருத்த இடம் எதிர்த்திசையில் காட்டும். ஆகவே எழுச்சி மட்டும் விடை தராது, அதன் பின் வருவதையே பார்க்க வேண்டும்.

கழுத்தாக இருந்தால், பைல் மீண்டும் முழு அகலத்துக்குத் திரும்பும் இடத்தில் உடனே ஓர் எதிர்த்திசைப் பள்ளம் தொடரும். அலையின் ஒரு பகுதி கடந்து செல்வதால் அடிமுனை எதிரொலியும் பெரும்பாலும் தெரியும். குறுக்கே முழுதாகப் பிளந்த விரிசலில் அலை கடக்க வழியின்றி மேலும் கீழும் அலைவதால், 3.5, 7, 10.5 மில்லிநொடிகளில் அதே எழுச்சி தேய்ந்தபடி திரும்பத் திரும்ப வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: மூன்றாவது எழுச்சியை அடிமுனை என்று குறித்துவிடுவார்கள்.

மயிரிழை விரிசலும் செங்குத்து விரிசலும் இச்சோதனையில் அநேகமாகச் சிக்காது. பருத்த பகுதி முடியும் இடமும் கழுத்தைப் போலவே தோன்றும் என்பதால், கான்கிரீட் ஊற்றிய பதிவேட்டுடன் ஒப்பிடாமல் பைலை நிராகரிக்கக் கூடாது.