க்யூப் போடாத வெஜ் கிளியர் சூப்

வணக்கம் அக்கா. குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பையன் ஓட்டலில் வெஜ் கிளியர் சூப் குடித்துவிட்டு வீட்டிலும் கேட்கிறான். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ் எல்லாம் போட்டுக் குக்கரில் ஐந்து விசில் விட்டு, கரண்டியால் மசித்து வடிகட்டினேன். கலங்கலாக, கோஸ் வாடையோடு, காய் வேகவைத்த தண்ணீர் மாதிரிதான் இருந்தது. கடைசியில் சூப் க்யூப் போட்டுத்தான் குடித்தோம். க்யூப் இல்லாமல் அந்த ருசி வருமா? உப்பும் எனக்குப் பிடிபடவில்லை, ஒரு நாள் சப்பென்று இருக்கிறது, மறுநாள் கரிக்கிறது.

– வாசகி, குடியாத்தம்

வணக்கம்.

வரும். க்யூபின் உறையைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் முதலில் எழுதியிருப்பது உப்பு, அப்புறம் கொழுப்பு, சர்க்கரை, அதோடு குளுட்டமேட். நாக்கில் நின்று மறுவாய் கேட்க வைப்பது இந்தக் கடைசிச் சரக்குதான். கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேதா 1908-இல் பிரித்தெடுத்தது இதைத்தான், அஜினோமோட்டோ என்று நாம் வாங்குவதும் இதுவே. பழுத்த தக்காளியிலும் காளானிலும் இது இயல்பாகவே இருக்கிறது. உங்கள் பாத்திரத்தில் இரண்டுமே இல்லை, உப்பும் சரியாகச் சேரவில்லை. குறை அவ்வளவுதான்.

உருளைக்கிழங்கை விட்டுவிடுங்கள், அதன் மாவு கரைந்துதான் பாதிக் கலங்கல். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி இவற்றை நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் அதில் இருக்கும் கந்தகம் வாடையாக வெளியே வரும், அதனால் சாறு எடுக்க அவை ஆகாது. இரண்டு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு பெரிய வெங்காயம், மூன்று கேரட், 150 கிராம் பட்டன் காளான், நன்றாகப் பழுத்த தக்காளி இரண்டு, பூண்டு நான்கு பல், சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி. தக்காளியின் விதையைச் சுற்றியுள்ள கூழைத் தள்ளிவிடாதீர்கள், சதையைவிட அதில்தான் அந்த ருசிச் சத்து அதிகம். கொத்தமல்லித் தழையை ரசத்துக்கு வைத்துக்கொண்டு தண்டை எடுத்து வையுங்கள்.

வெங்காயத்தில் ஒன்றைக் குறுக்கே பாதியாக வெட்டி, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, அந்தப் பக்கம் நன்றாகப் பழுப்பேறும் வரை விடுங்கள். சூப்புக்குப் பொன்னிறமும் லேசான இனிப்பும் இதிலிருந்துதான் வரும். கரியாகிவிட்டால் கசக்கும், அந்தப் பகுதியைச் சீவிவிட்டுப் போடுங்கள். காய்களை எண்ணெயில் வதக்க வேண்டாம், எண்ணெய் கொதியில் பொடிந்து கலந்து தெளிவைக் கெடுக்கும்.

அப்புறம் தண்ணீர். நம் பக்கத்துக்கு இது முக்கியம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று பாலாற்றை ஒட்டிப் பல இடங்களில் போர் தண்ணீர் ஏற்கெனவே உப்புக் கரிக்கும். சூப் சுண்டச் சுண்ட அந்த உப்பும் கூடிக்கொண்டே போகும். ஒரு நாள் சப்பென்றும் மறுநாள் கரிப்பாகவும் இருப்பதற்குக் காரணம் ஒரு நாள் குழாய்த் தண்ணீர், ஒரு நாள் போர் தண்ணீர் என்று மாற்றி ஊற்றுவதாகவும் இருக்கலாம். ஊற்றும் முன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நாக்கில் உப்புத் தெரிந்தால் அது சூப்புக்கு வேண்டாம், காவிரிக் குடிநீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

காய்களைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பை மூட்டுங்கள். ஓரத்தில் குமிழி வரத் தொடங்கியதும் சிம்முக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் காய் உரசி உடைந்து அதன் துகள் முழுக்கத் தண்ணீரில் கலந்துவிடும். உங்கள் குக்கரிலும் ஒவ்வொரு விசிலுக்கும் உள்ளே நடந்தது இதுதான். ரசம் நுரைகட்டியதும் இறக்கிவிடுகிறோமே, அந்தக் கவனம் இங்கே கடைசிவரை வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும்பினால் போதும், மூடியைப் பாதி திறந்து வைத்து 45 நிமிடம். மேலே நுரை திரண்டால் கரண்டியால் எடுத்துவிடுங்கள். காய் தன் ருசியைக் கொடுக்க இந்த நேரம் தாராளம், எலும்பு சூப் போல மணிக்கணக்கில் விட்டால் வாசனை மங்கிப் பழைய காய் வாடை வந்துவிடும். மிளகு பத்தும் கொத்தமல்லித் தண்டும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான், மிளகு ரொம்ப நேரம் கிடந்தால் காரம் போய்க் கசப்பு நிற்கும்.

வடிகட்ட பழைய வெள்ளை வேட்டித் துணி நல்லது. சோப்பு வாசனை போக வெந்நீரில் அலசிப் பிழிந்து வடிதட்டின் மேல் விரித்து ஊற்றுங்கள். கரண்டியால் அழுத்தவோ துணியை முறுக்கவோ கூடாது, இரண்டு கரண்டிச் சாறு கூடக் கிடைக்கும், ஆனால் மொத்தமும் கலங்கிவிடும். அது தானாக வடியட்டும். அப்படியும் லேசாகக் கலங்கியிருந்தால் அரை மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு மேல் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஒன்றரை லிட்டர் கிடைக்கும்.

இதுவரை உப்பே போடவில்லை, வேண்டுமென்றேதான். உப்பைச் சூப்பின் கடைசி அளவு தெரிந்த பிறகு போட வேண்டும். ஒன்றரை லிட்டருக்குப் பொடியுப்பு ஒன்றரையிலிருந்து இரண்டு டீஸ்பூன் வரை பிடிக்கும், எல்லாம் தலைதட்டிய டீஸ்பூன். கல்லுப்பு என்றால் கரண்டிக் கணக்கு பொருந்தாது, இடித்துப் போடுங்கள். முதலில் ஒரு டீஸ்பூன் போட்டுக் கரைத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, குடிக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு ருசி பாருங்கள். கொதிக்கக் கொதிக்கப் பார்த்தால் நாக்குக்கு உப்பு சரியாகத் தெரியாது.

சப்பென்று இருந்தால் அந்தக் கிண்ணத்தில் மட்டும் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துப் பாருங்கள். காய் ருசி சட்டென்று முன்னால் வந்தால், குறை உப்புதான், பாத்திரத்தில் கால் டீஸ்பூன் கூட்டலாம். உப்பு மட்டும் தெரிந்து ருசி எழும்பவில்லை என்றால் அதற்கு மேல் உப்பு உதவாது, கிண்ணத்தில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். பல நேரம் அதிலேயே எழும்பிவிடும், புளிப்பு தனியாகத் தெரியாத அளவுதான் சரியான அளவு. உப்பும் புளிப்பும் சரியாக இருந்தும் தண்ணீர் போலவே இருந்தால் சாறே நீர்த்திருக்கிறது. இந்த நிலையில் சுண்டவைத்தால் போட்ட உப்பு ஏறிவிடும், அதனால் உப்பிடும் முன்பே வெறும் சாற்றை ஒரு வாய் குடித்துப் பார்த்து, காய் வாசனை மெலிந்திருந்தால் ஒன்றேகால் லிட்டராகச் சுண்டவிட்டுவிடுங்கள். வடிகட்டிய பிறகு உடைய அதில் காய் இல்லை, நன்றாகவே கொதிக்கலாம்.

எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகுதான். மிளகைக் கரகரப்பாக இடித்துக் குடிக்கும்போது தூவுங்கள்.

பையனுக்கு ஓட்டல் சூப்பில் மிதந்த காய்களும் வேண்டியிருக்கும். கேரட்டையும் பீன்ஸையும் பொடியாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் தனியாக வேகவைத்து வடித்துக் கோப்பையில் போட்டு மேலே சூப்பை ஊற்றுங்கள். உங்கள் முட்டைக்கோஸுக்கு இடம் இங்கேதான், மெல்லிசாகச் சீவி அதே தண்ணீரில் இரண்டு நிமிடம் விட்டால் வாடை வராது.

மிச்சம் வைப்பதாக இருந்தால் அந்தப் பங்கை உப்புப் போடும் முன்பே எடுத்து, சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாள் தாங்கும். சுடவைக்கும்போது அன்றைய அளவுக்கு உப்புப் போட்டுக்கொள்ளலாம்.