தனியாக ஓடுகிறவர்களின் கேள்விகள்

வெள்ளை பனியன் போட்டுத்தான் விடியற்காலையில் ஓடுகிறேன். போதாதா? (தேவகோட்டை)

போதாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் உங்களைப் பார்த்து, பிரேக் பிடித்து, வண்டி நிற்பதற்குள் 45 மீட்டர் போல ஓடிவிடும். டிம் வெளிச்சத்தில் அவ்வளவு தூரத்தில் பனியன் தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இரண்டு கணுக்காலிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டுங்கள். மேலும் கீழும் ஆடுவதால் ஆள் ஓடுகிறார் என்று உடனே புரியும். ஆனால் வெளிச்சம் பட்டால்தான் பட்டை மின்னும். விளக்கில்லாமல் வரும் சைக்கிளுக்கு அது உதவாது, கையில் டார்ச்சும் வேண்டும்.

சாலையின் எந்தப் பக்கம் ஓடுவது? (கோட்டையூர்)

வலப்பக்கம், வண்டிகளைப் பார்த்தபடி. எத்தனை முறைதான் எழுதுவது!

பெரிய தெருவில் நாய்த் தொல்லை. அதனால் பின்தெருவில் ஓடுகிறேன். (வாசகி, கானாடுகாத்தான்)

நம் ஊர் வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. பின்தெருவில் இருப்பதெல்லாம் நீள மதிலும் பூட்டிய கொல்லைக் கதவும்தான். பாதி வீடுகளில் ஆளே இல்லை. கூப்பிட்டால் யார் வருவார்? நாயைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி, முறைக்காமல், நடந்தே தாண்டுங்கள். டீக்கடையும் பால்காரரும் இருக்கிற தெருவிலேயே நாலைந்து சுற்று வாருங்கள், அம்மா.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். அப்புறம் என்ன பயம்? (காரைக்குடி)

அந்த குரூப்பில் காலை ஐந்து மணிக்கு விழித்திருப்பவர் யார்? இந்த ஒரு விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. போனை எல்லோரிடமும் காட்டிவிட்டு, பார்க்கும் பொறுப்பை யாரிடமும் கொடுப்பதில்லை.

ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். 5 மணிக்குக் கிளம்பி 6.10-க்குத் திரும்புகிறவர் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றுதான் உண்டு. ஒரு மணி நேரம் வைத்தால் கடைசிப் பத்து நிமிடம் நீங்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. 8 மணி நேரம் வைத்து, வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். எந்த வழி என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். 6.20 வரை வரவில்லையென்றால் மனைவி போன் செய்ய வேண்டும். எடுக்கவில்லையென்றால் மறுபடி ஒரு முறை. 6.30-க்கு யாரையாவது கூட்டிக்கொண்டு அந்த வழியில் தேடிக் கிளம்ப வேண்டும். ஏதாவது நடந்திருப்பதாகத் தெரிந்தால் உடனே 112.

இன்னொன்று. சிக்னல் போனாலோ சார்ஜ் தீர்ந்தாலோ மேப்பில் புள்ளி கடைசியாக இருந்த இடத்திலேயே நிற்கும். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். பேட்டரி சேவர் போட்டிருந்தாலும் இதே கதைதான் நடக்கலாம்.

ஒரு காதில் மட்டும் இயர்போன்?

சத்தத்தைக் குறைத்தால் சரி. இருட்டில் அதுவும் வேண்டாம்.

மாலையில் ஓடுவது பாதுகாப்பா? (ஊர் இல்லை, பெயர் இல்லை)

எந்த ஊர், எத்தனை மணி, எந்த வழி? எழுதுங்கள், சொல்கிறேன்.