திருமணப் பதிவு: எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எந்த நாளில் போவது?

பதில் சொல்பவர்: பதிவுத்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்

கார்த்திக்: ஐயா, கல்யாணம் திருநெல்வேலியில் முடிந்தது. குடியிருப்பது சென்னையின் தெற்கே, வாடகை வீட்டில். பதிவுக்குத் திருநெல்வேலிக்கே போக வேண்டுமா?

வேண்டாம் தம்பி. 2009 சட்டத்தில் திருமணம் நடந்த இடத்து அலுவலகம்தான் என்று இருந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, மாப்பிள்ளையோ பெண்ணோ வசிக்கும் இடத்துச் சார்பதிவாளரிடமும் பதியலாம். முகவரிச் சான்று சென்னை முகவரியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆதாரில் இன்னும் நெல்லை முகவரியே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். திருமண நாளிலிருந்து 90 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்கு மேல் 60 நாள் கூடுதல் கட்டணத்தோடு.

கார்த்திக்: எங்கள் பகுதியின் பெயரிலேயே ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே போய்விடலாமா?

அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அலுவலகத்தின் பெயர் ஓர் ஊரைச் சொல்லும். அதன் எல்லையோ பதிவுக் கிராமங்களைக் கொண்டு வகுக்கப்பட்டது. ஒரே நகரில் சாலைக்கு இந்தப் பக்கம் ஓர் அலுவலகம், அந்தப் பக்கம் இன்னொன்று என்று இருக்கும். அஞ்சல் குறியீட்டு எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

tnreginet.gov.in தளத்தில் `Know Your Jurisdiction` என்ற தேடல் இருக்கிறது. தெருப் பெயரைக் கொடுங்கள். கிடைக்கவில்லையென்றால் கிராமத்தின் பெயரைக் கொடுங்கள். உங்கள் நகரின் பெயர் புதிதாக இருக்கும். கிராமத்தின் பெயரோ பழையது. அதை வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள், அவருடைய கிரயப் பத்திரத்தில் எழுதியிருக்கும். அலுவலகத்தின் பெயர் வந்ததும் அதே தளத்தின் வழிகாட்டி மதிப்புப் பக்கத்துக்குப் போய், அந்த அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கிராமம் அதன் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகமில்லை.

மீனாட்சி: பத்திரத்திலேயே அலுவலகத்தின் பெயர் முத்திரையில் இருக்குமே. தேடலே தேவையில்லை.

பாதி சரி அம்மா. பத்திரம் அண்மையில் பதிந்ததென்றால் அது போதும். 1990களின் பத்திரம் என்றால் நம்ப வேண்டாம். பெரிய அலுவலகங்களைப் பிரித்துப் புதியவை தொடங்கினார்கள். பழைய முத்திரை தாய் அலுவலகத்தைத்தான் காட்டும். பத்திரத்திலிருந்து கிராமத்தின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், அலுவலகத்தின் பெயரைத் தளத்திலிருந்து எடுங்கள்.

இராஜேந்திரன்: நான் மனை வாங்கினேன். பட்டா மாறுதலுக்கும் அங்கேதானே?

பட்டா வட்டாட்சியர் அலுவலகத்து வேலை. இங்கே கேள்வி திருமணத்தைப் பற்றியது, அண்ணாச்சி.

சுமதி: நாங்கள் தேடிச் சரியான அலுவலகத்தையே கண்டுபிடித்தோம். வரைபடம் காட்டிய கட்டடத்துக்குப் போனால் பூட்டு. அலுவலகம் இடம் மாறிவிட்டது என்று டீக்கடைக்காரர்தான் சொன்னார். கையில் கைக்குழந்தை வேறு.

வாடகைக் கட்டடத்திலிருந்து சொந்தக் கட்டடத்துக்குப் போவது வழக்கம். வரைபடம் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். துறையின் தளத்தில் உள்ள அலுவலக முகவரிப் பட்டியலைப் பாருங்கள். பிறகு அந்த எண்ணுக்கு அழைத்து, “எந்தத் தெரு, பக்கத்தில் என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். “அலுவலகம் எங்கே?” என்று மட்டும் கேட்டால் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். யாரும் எடுக்கவில்லையென்றால் அந்தப் பகுதி ஆவண எழுத்தர் ஒருவரைக் கேளுங்கள். அலுவலகம் மாறினால் அவர்களும் கூடவே மாறுவார்கள்.

ஜோசப்: நாகர்கோவில். சனிக்கிழமை போகலாமா?

வழக்கமான நாள்கள் திங்கள் முதல் வெள்ளி வரை. 2022 முதல் தேர்ந்தெடுத்த சில அலுவலகங்கள் சனிக்கிழமையும் கூடுதல் கட்டணத்தோடு இயங்குகின்றன. உங்களுடையது அதில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது: டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. மாநில விடுமுறைப் பட்டியலில் இது இருக்காது, ஆட்சியர் தனியாக அறிவிப்பார். அதற்கு ஈடாக வேறொரு சனிக்கிழமையை வேலை நாளாக வைப்பார்கள். தஞ்சாவூரில் சதய விழா, மதுரையில் சித்திரைத் திருவிழா என்று மாவட்டத்துக்கு மாவட்டம் இது மாறும்.

முகூர்த்த நாளில் அலுவலகம் திறந்திருக்கும், ஆனால் நிற்க இடம் இருக்காது. கிரயப் பத்திரம் பதிய எல்லோருக்கும் அன்றுதான் நல்ல நேரம். உங்கள் கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, நல்ல நாள் எதற்கு? சாதாரண செவ்வாய்க்கிழமை போங்கள்.

பெயர் வேண்டாம்: நாங்கள் இருவரும் வேறு வேறு மதம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்ய நினைக்கிறோம். நான் விடுதியில் தங்கியிருக்கிறேன். அதே அலுவலகமா?

சட்டம் வேறு, விதியும் வேறு. உங்களில் ஒருவர், அறிவிப்புக் கொடுக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 30 நாளாவது அந்த எல்லைக்குள் வசித்திருக்க வேண்டும். அங்கே அறிவிப்பு ஒட்டி 30 நாள் காத்திருந்த பிறகே திருமணம். ஆகவே அலுவலகத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு மாதம் வீண். விடுதிக் கடிதத்தைச் சில அலுவலர்கள் சான்றாக ஏற்பார்கள், சிலர் மறுப்பார்கள். என் நாளிலேயே இரண்டையும் பார்த்தேன்.

கார்த்திக்: ஐயா, தேடிப் பார்த்தேன். எங்கள் தெரு இரண்டு கிராமங்களின் கீழும் வருகிறது.

அப்படியானால் வீட்டின் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது ஒரே கிராமத்தில்தான் இருக்கும்.