சிஇ-20ல ஏன் கேஸ் ஜெனரேட்டர்?

வணக்கம் சார். ஜிஎஸ்எல்வி மார்க் 2ல இருக்குற சிஇ-7.5 கிரையோ இன்ஜின் ஸ்டேஜ்டு கம்பஸ்டன், 454 செகண்ட் ஐஎஸ்பி குடுக்குது, அதாவது எரிபொருள் சிக்கனம் அதிகம். அதுக்கப்புறம் எல்விஎம்-3க்கு செஞ்ச சிஇ-20 கேஸ் ஜெனரேட்டர், 442 பக்கம்தான் வருது. நல்ல டிசைன் கையில இருக்கும்போது இஸ்ரோ ஏன் கம்மியானத எடுத்தாங்க?
– ச., மெக்கானிக்கல் மூணாம் வருஷம்

வணக்கம் தம்பி,

பம்ப்ப ஓட்ட டர்பைன் வேணும், டர்பைன ஓட்ட சூடான கேஸ் வேணும், இது ரெண்டு இன்ஜினுக்கும் பொது. சிஇ-20 கொஞ்சம் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனியா எரிச்சு டர்பைன சுத்த வச்சிட்டு அந்த கேஸ வெளிய விட்டுடும். பிளேடு தாங்கணுமேன்னு ஹைட்ரஜன அள்ளி விட்டு குறைஞ்ச சூட்டுல எரிக்கிறதால, வெளிய போறதுல நிறைய எரியாத ஹைட்ரஜன், நஷ்டம் அங்கதான். சிஇ-7.5ல அதே கேஸ் மெயின் சேம்பருக்குள்ள போய் எரியுது. ஆனா 12 செகண்டையும் சைக்கிள் தலையிலயே கட்டிடாத, நாசில் அளவும் கலவை விகிதமும் கூட ஐஎஸ்பிய மாத்தும்.

அந்த 12 சின்னது இல்ல. 28 டன் எரிபொருள், எரிஞ்சு முடிஞ்சதும் மிச்சம் 10 டன்னுன்னு வச்சு ராக்கெட் சமன்பாட்டுல போட்டுப் பாரு. 442க்கு கிடைக்கிற அதே வேகத்துக்கு, 454ல மிச்சம் கிட்டத்தட்ட 10.5 டன் இருக்கலாம், அதாவது அரை டன் சாட்டிலைட் கூட!

அப்புறம் ஏன் விட்டாங்க? ஸ்டேஜ்டுல டர்பைன்லருந்து வர்ற கேஸ் சேம்பருக்குள்ள நுழையணும், அதனால அதோட அழுத்தம் சேம்பர விட அதிகமா இருக்கணும், பம்ப் அதுக்கும் மேல தள்ளணும். டர்பைனுக்கு சூடான கேஸ் குடுக்குற ப்ரீபர்னர், டர்போபம்ப், சேம்பர் மூணும் ஒண்ண ஒண்ணு சார்ந்த ஒரே வளையம், ஸ்டார்ட் ஆகும்போது ஒண்ணு தடுமாறினா எல்லாம் தடுமாறும். கேஸ் ஜெனரேட்டர்ல ஒவ்வொண்ணையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணி தேத்திட்டு அப்புறம் சேக்கலாம். தள்ளுவிசை 73 கிலோநியூட்டன்லருந்து 200க்கு தாவுறப்ப எனக்கு இது ரொம்ப சரியான முடிவாத்தான் படுது, 2017 ஜூன்ல முதல் தடவ பறந்தப்பவே சிஇ-20 சரியா வேலை செஞ்சுது.

இந்த முடிவ எடுக்க முடிஞ்சதே சேம்பர் அழுத்தம் 60 பார் அளவுலயே இருந்ததாலதான். பம்ப்போட வேலை அழுத்தத்தோட சேர்ந்து ஏறும், அழுத்தம் மூணு மடங்குன்னா வெளிய கொட்டுற கேஸும் ஏறக்குறைய மூணு மடங்கு. 60ல சில சதவீதமா இருக்குற நஷ்டம் 180ல தாங்காது.

அதனாலதான் 180 பார்ல ஓடுற எஸ்இ-2000 செமிகிரையோ இன்ஜினுக்கு இஸ்ரோவே மறுபடி ஸ்டேஜ்டுக்கு வந்திருக்கு. ஆனா அதுல எரிபொருள் மண்ணெண்ணெய் வகை, அத அதிகமா விட்டு எரிச்சா கரி படிஞ்சிடும், அதனால ஆக்சிஜன அதிகமா விட்டு எரிக்கிறாங்க. சூடான ஆக்சிஜன் சாதாரண உலோகத்தையே பத்த வச்சிடும், அதுக்குத் தாங்குற உலோகமும் பூச்சும் வேணும். 2025 மார்ச்ல மகேந்திரகிரில வெற்றிகரமா நடந்த முதல் ஹாட் டெஸ்ட் சேம்பர் இல்லாம, ப்ரீபர்னரும் டர்போபம்ப்பும் இருக்குற பவர்ஹெட்ட மட்டும் வச்சு, அதுவும் வெறும் 2.5 செகண்ட்.