எழுத்தை எண்ணிக் குறிப்பு எழுதுவது

அன்புள்ள ஐயா,
பாடத்தில் வரும் புதிய சொற்களைச் சொல் தேடல் கட்டமாகப் போட்டு மகளிடம் கொடுக்கிறேன். எல்லாவற்றையும் மளமளவென்று வட்டமிட்டுவிடுகிறாள். மறுநாள் பொருள் கேட்டால் விழிக்கிறாள். குறுக்கெழுத்துக்கு மாறலாமா? குறிப்புகளை எப்படி எழுதுவது?
- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கட்டத்துக்குப் பக்கத்திலேயே சொற்பட்டியலும் இருக்கிறதல்லவா, சிக்கல் அங்கேதான். எழுத்தின் வடிவத்தைப் பார்த்துத் தேடினாலே சொல் கிடைத்துவிடும், பொருள் தேவைப்படுவதே இல்லை. பட்டியலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொருளையும் எழுத்து எண்ணிக்கையையும் எழுதுங்கள். அதே கட்டம்தான், ஆனால் இப்போது முதலில் சொல்லை நினைவிலிருந்து எடுத்தாக வேண்டும். மீதிக் கட்டங்களை விடைகளில் உள்ள எழுத்துகளாலேயே நிரப்புங்கள், புள்ளி எழுத்துகளையும் சேர்த்து. இல்லாவிட்டால் 'ம்' இருக்கும் இடமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குறுக்கெழுத்துக்குத் தாராளமாக மாறலாம். ஆனால் குறிப்பும் எண்ணிக்கையும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டு எழுத வேண்டும். 'பிறர் துன்பம் கண்டு மனம் இளகுதல்' என்று குறிப்பு கொடுப்பதாக வையுங்கள். பக்கத்தில் (5) என்று போட்டால் இரக்கம்: இ, ர, க், க, ம். (3) என்று போட்டால் பரிவு, கருணை, அருள் மூன்றுமே வந்து நிற்கும். அப்போது குறுக்கே போகும் சொல்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். நடுக்கட்டத்தில் வேறொரு சொல்லின் 'ரி' விழுந்தால் பரிவு உறுதி. 'ரு' விழுந்தால் கருணையும் அருளும் இன்னும் போட்டியில் இருக்கும். முதல் கட்டத்தில் 'க' அல்லது 'அ', இல்லையென்றால் கடைசிக் கட்டத்தில் 'ணை' அல்லது 'ள்' கிடைத்தால்தான் தீரும். ஆகவே ஒரு குறிப்பை எழுதியதும், அதே எண்ணிக்கையில் வேறு விடை பொருந்துமா என்று நீங்களே தேடிப் பாருங்கள். பொருந்தினால், இரண்டையும் பிரிக்கும் எழுத்தில் குறுக்குச் சொல் வருமாறு அமையுங்கள். அது முடியாவிட்டால் குறிப்பைக் கூர்மையாக்குங்கள்.

கட்டம் அமைக்கும்போது இன்னொரு சங்கடம் வரும். கடல், காலம் இரண்டிலும் ககரமும் லகரமும் இருப்பதால் எளிதாகக் குறுக்கிடும் என்று தோன்றும். ஆனால் ஒன்றில் க, ட, ல். மற்றதில் கா, ல, ம். ஓர் எழுத்துகூடப் பொருந்தாது. அதனால் தமிழ்க் கட்டங்களை நெருக்கமாகப் பின்னுவது கடினம். பத்துச் சொல்லில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு சொல்லோடு ஓரிடத்தில் சேர்ந்தாலே, மறுபார்வைக்குப் போதும் என்பேன். நெருக்கத்துக்காகப் பாடத்தில் இல்லாத சொற்களை உள்ளே திணிக்காதீர்கள்.

கணினியில் கட்டம் போடுவதானால் ஒன்றைச் சரிபாருங்கள். 'பரிவு' என்பதைக் கணினி ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கிறது: ப, ர, இகரக் குறி, வ, உகரக் குறி. தமிழ் எழுத்தைப் பிரிக்கத் தெரியாத செயலி அதற்கு ஐந்து கட்டம் ஒதுக்கிவிடும். ஏதாவது ஒரு கட்டத்தில் கொம்போ புள்ளியோ தனியாக நின்றால், அந்தச் செயலியை விட்டுவிட்டு கோடு போட்ட தாளிலேயே வரையுங்கள்.