மேசைப் படத்தில் இருப்பவை என்னென்ன? 20,000 ரூபாயில் அதே மாதிரி அமைக்க முடியுமா?

கேள்வி: நண்பர் அனுப்பிய மேசைப் படத்தை இணைத்திருக்கிறேன். அதிலுள்ள மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எந்த மாடல்? எனக்கும் இதே தோற்றம் வேண்டும், ஆனால் 20,000 ரூபாய்க்கு மேல் முடியாது. எச்டிஎம்ஐ உள்ள பழைய விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. எக்செல் வேலையும் தமிழில் எழுதுவதும்தான் அதிகம்.

பதில்: மவுஸில் சந்தேகமே இல்லை. கட்டைவிரல் படுக்கும் மேடை, அதற்கு மேலே பக்கவாட்டில் ஒரு சின்னச் சக்கரம், நடுவில் உலோகச் சக்கரம் மூன்றும் தெரிகின்றன. லாஜிடெக் MX Master 3 அல்லது 3S. இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 3S-இல் கிளிக் சத்தம் குறைவு, அதைப் படம் சொல்லாது.

கீபோர்டு கீக்ரான் K2. சாம்பல் நிறமும் ஆரஞ்சு எஸ்கேப் பொத்தானும் இப்போது பல பிராண்டுகளில் வருவதால் நிறத்தை நம்பக் கூடாது. நான் பார்த்தது பொத்தான்களின் அமைப்பை. மேலே எஃப் வரிசை இருக்கிறது, அம்புக்குறிகள் இடைவெளி இல்லாமல் மற்றவற்றோடு ஒட்டியிருக்கின்றன, வலது ஓரத்தில் பேஜ்அப், பேஜ்டவுன் எல்லாம் ஒரே நெட்டு வரிசை. இடது பக்கத்தில் மேக், விண்டோஸ் மாற்றும் சுவிட்சும் தெரிகிறது.

மானிட்டர்தான் கொஞ்சம் வேலை வைத்தது. கீழ் விளிம்பில் டெல் சின்னம் இருக்கிறது, சரி. அளவு என்ன? கீபோர்டின் அகலத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். அது கேமராவுக்கு அருகில் இருப்பதால் பெரிதாகத் தெரியும். 27 அங்குலத் திரைகூட 19 அங்குலம் என்று கணக்கு வரும். திரையோடு ஒரே தளத்தில் இருக்கும் பொருள் வேண்டும். நல்ல வேளையாக, உங்கள் நண்பர் திரை ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறார். சதுரமான அந்தச் சீட்டு வழக்கமாக 7.6 செ.மீ. அகலம். படத்தில் திரையின் அகலத்துக்குக் கிட்டத்தட்ட எட்டுச் சீட்டு பிடிக்கிறது, அதாவது 60 செ.மீ. 27 அங்குலத் திரையின் அகலம் அதுதான். 24 அங்குலமாக இருந்தால் ஏழு சீட்டிலேயே முடிந்திருக்கும்.

லேப்டாப்புக்கு ஒரே ஒரு கேபிள் போகிறது, சார்ஜர் இல்லை. ஆக, படத்தையும் மின்சாரத்தையும் யூஎஸ்பி-சி வழியாகத் தரும் மானிட்டர். வெள்ளி நிறத் தாங்கியையும் சேர்த்துப் பார்த்தால் U2723QE அல்லது அதற்கு முந்தைய U2720Q என்பது என் ஊகம். இரண்டுமே 4கே. உறுதி வேண்டுமென்றால் நண்பரிடம் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இந்த மானிட்டர் ஒன்றே உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். ஆனால் அந்த விலையில் ஒரு பங்கு அந்த ஒற்றைக் கேபிள் வசதிக்கானது. உங்கள் லேப்டாப்பில் அது பயன்படப் போவதில்லை.

நண்பருடையது 27 என்பதால் மலிவான 27 அங்குல ஃபுல் எச்டி திரையை வாங்கிவிடாதீர்கள். அதே 1920×1080 புள்ளிகள் பெரிய பரப்பில் பரவுவதால் அங்குலத்துக்கு 82 புள்ளிதான் கிடைக்கும். ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். தமிழில் ண, ன சுழிகளும் ஞ, ஐ வளைவுகளும் சிறிய எழுத்தில் கலங்கும், எக்செல் கட்டங்களில் இன்னும் மோசம். 24 அங்குலத்தில் 92 புள்ளி கிடைக்கும். எனவே ஐபிஎஸ் திரை உள்ள 24 அங்குலம் எடுங்கள். பென்க்யூ GW2490 போன்றவை சுமார் 10,000 ரூபாய்க்குள் வரும்.

கீபோர்டுக்கு ராயல் க்ளட்ஜ் RK84 பாருங்கள், K2 போலவே 84 பொத்தான். சுமார் 5,000 ஆகலாம். இதைவிட மலிவாகக் கண்ணில் படும் குட்டி மெக்கானிக்கல் கீபோர்டுகள் பலவற்றில் அம்புக்குறிகளே தனியாக இருக்காது. எக்செல்காரருக்கு அது தண்டனை. மவுஸ் லாஜிடெக் M650, ஏறக்குறைய 2,500. பக்கவாட்டுச் சக்கரம் கிடையாது, ஆனால் கிளிக் சத்தம் குறைவு, பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் உண்டு. கை பெரிதென்றால் L அளவு கேட்டு வாங்குங்கள்.

மிச்சப் பணத்தில் மானிட்டர் ஆர்ம் ஒன்று வாங்கலாம். மலிவான மானிட்டர்களின் தாங்கி பெரும்பாலும் சாயும், உயராது; நண்பரின் திரை கண் மட்டத்தில் நிற்பதுதான் அந்த மேசைக்கே ஒரு எடுப்பைத் தருகிறது. வாங்குமுன் மானிட்டரின் பின்புறம் ஆர்ம் மாட்டும் துளைகள் உள்ளனவா, ஆர்ம் பிடிக்கும் அளவுக்கு மேசைப் பலகை தடிமனாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கண்ணாடி மேசையில் இதை மாட்டவே வேண்டாம்.