கைத்தறிப் பருத்திச் சேலைக்கு மிகைப்படுத்தாமல் விற்பனைக் குறிப்பு எழுதுவது எப்படி?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் தறிக்காரர்களிடம் கண்டாங்கிச் சேலை வாங்கி ஆன்லைனில் விற்கிறேன். மற்ற கடைகளில் 'ஒவ்வொரு இழையிலும் பாரம்பரியம்', 'சாயமே போகாது' என்றெல்லாம் எழுதுகிறார்கள். பொய் சொல்லாமல், ஆனால் வாங்குகிற மாதிரி எப்படி எழுதுவது?

பதில்:

எழுதுவதற்கு முன்னால் ஒரு சேலையை மாதிரிக்கென்று ஒதுக்கிவிடுங்கள். அளவு நாடா, சமையலறைத் தராசு, ஒரு வாளித் தண்ணீர், ஒரு வெள்ளைத் துணி போதும். குறிப்பில் வர வேண்டிய முக்கால்வாசி விஷயம் இவற்றிலிருந்தே வந்துவிடும்.

முதலில் நீளம், அகலம். சேலை எவ்வளவு, ரவிக்கைத் துணி எவ்வளவு என்று தனித்தனியாக அளக்க வேண்டும். '6.3 மீட்டர்' என்று மொத்தமாகப் போட்டால், ரவிக்கைக்கு வெட்டிய பிறகு கொசுவம் குறைகிறது என்று புகார் வரும். அகலத்தைக் கரை ஓரமாக மட்டும் பார்க்காமல் முந்தி, உடல், உள்முனை என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எழுதுங்கள். கண்டாங்கிக்கு அகலம் ரொம்ப முக்கியம். பழைய கண்டாங்கிகள் கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி அகலம் குறைவாகத்தான் இருந்தன. அந்த நினைவில் உயரமான பெண்கள் தயங்குவார்கள். '47 அங்குலம்' என்ற ஒரு வரி அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்து சுருக்கம். 'சுருங்காது' என்று எந்தப் பருத்திச் சேலைக்கும் எழுதாதீர்கள். மாதிரிச் சேலையின் ரவிக்கைத் துணியில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சரியாக 50 செ.மீ. அளந்து, வேறு நிற நூலால் நான்கு மூலையிலும் ஒரு தையல் போடுங்கள். பேனா மை துவைத்தால் அழிந்துவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, தேய்த்து, திரும்ப அளந்து பாருங்கள். நீளவாக்கில் 48.5 செ.மீ. நின்றால் சுருக்கம் 3 சதவீதம். 5.5 மீட்டர் சேலையில் அது 16 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். சதவீதத்தைவிட 'சுமார் முக்கால் சாண் குறையும்' என்பது படிப்பவருக்குச் சட்டென்று புரியும். ஆனால் சாண் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் செ.மீ.யும் போட்டுவிடுங்கள்.

அதே அலசலில் சாயமும் தெரிந்துவிடும். அரக்கு, கறுப்பு மாதிரி அடர்ந்த கரை உள்ள இடத்தை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். துணியில் நிறம் ஏறுகிறதா, தண்ணீர் மட்டும் கலங்குகிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டும் கலங்கி, மூன்றாம் அலசலில் தெளிந்தால் அது மேலோட்டமாக ஒட்டியிருந்த சாயம். வெள்ளைத் துணி நிறமாகி, அடுத்த அலசலிலும் அப்படியே ஏறினால் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. அதைக் குறிப்பில் எழுதிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், சேலையைத் திருப்பிக் கொடுங்கள். 'உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும்' என்ற வரியும் வேண்டாம். சாயம் ஏற்றும்போது தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. நெய்து முடித்த சேலையில் அது பிடிக்காத சாயத்தைப் பிடிக்க வைக்காது.

நூல் நம்பரைத் தறிக்காரரிடம் பாவுக்கும் ஊடைக்கும் தனியாகக் கேளுங்கள், முடிந்தால் நூல் கட்டின் சீட்டையும் பாருங்கள். நம்பர் கூடக் கூட இழை மெல்லியது, அவ்வளவுதான். '100-ஆம் நம்பர், ஆகவே உயர்தரம்' என்று எழுதுவது தவறு. 60-ஆம் நம்பரில் நெருக்கமாக நெய்த சேலை தினமும் கட்டுவதற்கு 100-ஐவிட நன்றாக உழைக்கும். வாங்குகிறவருக்கு நம்பரைவிட, உள்பாவாடை தெரியுமா என்பதுதான் கேள்வி. ஒற்றை மடிப்புக்கு அடியில் கையை வைத்து ஒரு படம் எடுத்துப் போட்டால் அதற்குப் பதில் கிடைத்துவிடும்.

'முழுப் பருத்தி' என்று எழுதுமுன் பாவிலிருந்து ஓர் இழை, ஊடையிலிருந்து ஓர் இழை உருவி, இடுக்கியில் பிடித்துத் தனித்தனியாகக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, சாம்பல் தொட்டால் உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். கரையில் சரிகை இருந்தால் 'உடல் பருத்தி, கரையில் சரிகை' என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு ஊரில் விசைத்தறியில் ஓடிய கட்டம்போட்ட சேலைக்கு அந்தப் பெயரை ஒட்டுவது சட்டப்படியே சிக்கல். கைத்தறி முத்திரை ஒட்டியிருந்தால் மட்டும் முத்திரையைக் குறிப்பிடுங்கள்.

இவ்வளவும் கையில் இருந்தால் குறிப்பு தானாக அமையும். ஓர் எடுத்துக்காட்டு:

"கண்டாங்கிக் கைத்தறிச் சேலை: கடுகு மஞ்சள் உடல், அரக்குக் கரை. காரைக்குடியில் கைத்தறியில் நெய்தது. பாவு, ஊடை இரண்டும் 60-ஆம் நம்பர் பருத்தி நூல், சரிகை இல்லை. சேலை 5.5 மீட்டர், அதோடு சேர்ந்து 80 செ.மீ. ரவிக்கைத் துணி. அகலம் 47 அங்குலம் (119 செ.மீ.). கஞ்சியோடு எடை 470 கிராம். பிரிக்கும்போது விறைப்பாக இருக்கும், இரண்டு மூன்று அலசலில் கஞ்சி போய்த் துவளும். எங்கள் சோதனையில் முதல் அலசலில் நீளம் சுமார் 16 செ.மீ., அகலம் அரை அங்குலம் குறைந்தது. அரக்குக் கரையின் சாயம் முதல் இரண்டு அலசலில் தண்ணீரில் வரும். தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தவும். நூல் இணைத்த சிறு முடிச்சுகள் இருக்கும், நான்காவது படத்தில் காட்டியிருக்கிறோம்."

இதில் விறைப்பு, சுருக்கம், சாயம் என்று மூன்று பாதகமான வரிகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட ஆசை வரும், எடுக்காதீர்கள். கஞ்சி விறைப்பைப் பார்த்துவிட்டு 'முரட்டுத் துணி' என்று திருப்பி அனுப்புகிறவரை அந்த ஒரு வரிதான் தடுக்கும். மேலே மற்ற எண்களை நம்பவைப்பதும் அதே வரிகள்தான்.

முடிச்சு பற்றி ஒரு எச்சரிக்கை. பாவு அறுந்த இடத்தில் போட்ட முடிச்சும், ஊடை கொஞ்சம் நெருங்கியும் தளர்ந்தும் விழுந்த மெல்லிய பட்டையும் கைத்தறியில் வரக்கூடியவை. ஓட்டை, விரல் நுழைகிற அளவுக்குத் தொங்கும் இழை, எண்ணெய்க் கறை எல்லாம் பழுதுதான். அவற்றையும் 'கைத்தறி என்றால் அப்படித்தான்' என்ற வரிக்குள் ஒளிக்கிற பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. பழுது உள்ளதைத் தனியாக, படத்தோடு, விலை குறைத்துப் போடுங்கள்.

படத்தைப் பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல் எடுங்கள். அரக்கு நிறம் சில திரைகளில் சிவப்பாகவும் சிலவற்றில் காப்பி நிறமாகவும் தெரியும். அதனால் நிறத்தைச் சொல்லாலும் கட்டிவையுங்கள். 'ராயல் ஒயின்' யாருக்கும் ஒன்றையும் சொல்லாது, 'காய்ந்த மிளகாயைவிட அடர்ந்த சிவப்பு' என்றால் கண்ணில் தெரியும்.

தறியில் அடுத்த பாவு ஏறியதும் நூல் வேறு சாயத் தொட்டியிலிருந்து வரும். நிறம் ஒரு சாயல் மாறும், அகலம்கூடக் கால் அங்குலம் மாறலாம். பழைய குறிப்பை அப்படியே நகலெடுக்காமல், புதுச் சரக்கிலும் ஒரு சேலையை அளந்து நனைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.